ஏழாம் காட்சி

6 ஜனவரி 2025, திங்கள்

வங்கி ஊழியர்களுக்கான பயிற்சிப் படத்தில் மற்ற ஆறு காட்சிகளையும் எழுதி முடித்துவிட்டேன். குறைந்தபட்ச இருப்புக்காகப் பிடித்த தொகையைக் கேட்டுச் சத்தம் போடுபவர், லாக்கர் கிடைக்காமல் திரும்பத் திரும்ப வருபவர், கடன் மறுக்கப்பட்டவர் என எல்லோரும் கோபத்தோடு வருகிறார்கள். கோபக்காரருக்கு வசனம் எழுதுவது கடினமில்லை, தமக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுவார். ஏழாம் காட்சியில் வருபவர் எழுபத்தொரு வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அமைதியாக வணக்கம் சொல்லி, மூன்று வைப்புத்தொகைகளையும் முதிர்வுக்கு முன்பே முடித்து, பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரத்தை ஆர்.டி.ஜி.எஸ். மூலம் இன்றே அனுப்ப வேண்டும் என்கிறார். அவர் கையிலுள்ள படிவங்களில் ஒரு பிழையும் இல்லை.

8 ஜனவரி, புதன்

'தவறான அணுகுமுறை' பகுதியை இன்று கிழித்தெறிந்தேன். முதல் வரைவில் எழுத்தர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, நிமிராமலே முத்திரை குத்துகிறார். பயிற்சி மையத்தின் மூத்த ஆசிரியர் படித்துவிட்டு, "வகுப்பிலே இருக்கிற நாப்பது பேரும் இது நான் இல்லைன்னு சொல்லிட்டு நிம்மதியா உட்கார்ந்திருப்பாங்க" என்றார். அவர் சொன்னது சரி.

புதிய வரைவில் தவறு செய்பவர் நல்ல அதிகாரி. அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார், கையெழுத்தைச் சரிபார்க்கிறார், முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையும் என்று விளக்குகிறார், பெறுபவரின் கணக்கு எண்ணை இரண்டு முறை வாசித்துக் காட்டுகிறார், பணம் எதற்கு என்றும் கேட்கிறார். பேத்திக்கு வீடு வாங்க என்று பதில் வருகிறது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்து, அம்மையார் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். விதிகளில் எதுவும் மீறப்படவில்லை, பணம் மட்டும் போய்விடுகிறது. நானும் அன்று அப்படித்தான் செய்தேன்.

9 ஜனவரி, வியாழன்

நடிப்பவர் கையில் மஞ்சள் துணிப்பை வேண்டாம், சாதாரணக் கைப்பை போதும்.

11 ஜனவரி, இரண்டாம் சனி

"எதுக்கும்மா பணம்?" என்ற கேள்வி ஏன் பலன் தராது என்பதைக் காட்சிக்குள்ளேயே புலப்படுத்த வேண்டும். மோசடிக்காரர்கள் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் ஆளை வங்கிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது என்று அழைப்பு வருகிறது. காணொளி அழைப்பில் சீருடைக்காரர் ஒருவர் தோன்றி, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது, பணத்தைச் சரிபார்ப்புக்காக அனுப்பினால் திருப்பித் தருவோம் என்கிறார். வங்கியில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே கற்றுக்கொடுக்கிறார். அழைப்பைத் துண்டிக்காமல் கைப்பேசியைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

ஆகவே நடிகைக்கும் அதிகாரியாக நடிப்பவருக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதினேன். அழைப்பு துண்டிக்கப்படவில்லை என்பதும், கைது செய்துவிடுவார்கள் என்ற பயமும் நடிகையின் தாளில் மட்டுமே இருக்கும். அதிகாரியின் தாளில் அவர் மேசையிலிருந்து தெரிபவை மட்டுமே உண்டு. இதுவரை ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பியிராத கணக்கு, ஒரே நாளில் மூன்று வைப்புகளும் முறிக்கப்படுவது, வேறு மாநிலத்தில் ஏதோ நிறுவனத்தின் பெயரிலுள்ள நடப்புக் கணக்கு, வட்டி நட்டத்தைக் கேட்டும் சற்றும் அசையாத முகம். பேத்தியின் வீட்டுக்கு என்றால் பணம் ஏன் அந்த நிறுவனத்துக்குப் போகிறது என்று கேட்கலாம். அதற்கும் அவரிடம் பதில் இருக்கும், ஆனால் அது தடுமாறி வரும். அந்தத் தடுமாற்றத்தை நடிகை வசனமில்லாமல் காட்ட வேண்டும்.

அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை என்று பிரதமரே சென்ற அக்டோபர் 27 அன்று வானொலியில் சொன்னார். அதைச் சொல்லும் சுவரொட்டி என் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அன்று என்னிடம் வந்த அம்மையார் அதற்கு எதிரே அமர்ந்துதான் கையெழுத்திட்டார்கள்.

17 ஜனவரி, வெள்ளி

இன்று வாசிப்பு ஒத்திகை. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் அதிகாரி அதைப் பற்றி வாயால் கேட்க முடியாது. துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துகிறார். 'நீங்கள் மோசடியில் சிக்கியிருக்கிறீர்களா?' என்று நான் எழுதியிருந்தேன். நடிகை அதைப் படித்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். ஏன் என்று கேட்டேன். "நான் போலீஸ் கூடத்தானே சார் பேசிக்கிட்டிருக்கேன். இதை மோசடின்னு நான் எப்படி நினைப்பேன்?" என்றார்.

இத்தனை நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எதை நம்புகிறாரோ அந்தச் சொல்லே சீட்டில் இருக்க வேண்டும். மாலைக்குள் இப்படி மாற்றினேன்: 'போலீஸ், சி.பி.ஐ. என்று யாராவது போனில் இருக்கிறார்களா? பேச வேண்டாம். தலையை மட்டும் அசையுங்கள்.' கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

20 ஜனவரி, திங்கள்

சட்டப் பிரிவு இரண்டு இடங்களை அடித்திருக்கிறது. "பணத்தை அனுப்ப முடியாதும்மா" என்பது போய்விட்டது. கணக்கு அவருடையது, அவர் கட்டளையை நாம் விரும்பியபடி மறுத்துக்கொண்டே இருக்க முடியாது. அதிகாரி மகனுக்குத் தாமாகவே தொலைபேசியில் சொல்வதும் போய்விட்டது, வாடிக்கையாளரின் சம்மதமில்லாமல் அவர் கணக்கு விவரத்தைக் குடும்பத்தினரிடம்கூடப் பேசக் கூடாது. கோபத்தோடுதான் படித்தேன், ஆனாலும் இரண்டும் சரியே. இப்போது வசனம் இப்படி நிற்கிறது: "உங்க பணம்மா, நீங்க சொன்னா அனுப்பித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி மேனேஜர் ரூம்ல பத்து நிமிஷம் உட்காரலாமா? பையும் போனும் இங்கேயே இருக்கட்டும், தம்பி பார்த்துக்குவார்."

முதலில் இருந்ததைவிட இது நல்ல வசனம்.

22 ஜனவரி, புதன்

'என் சொந்த விருப்பத்தில் அனுப்புகிறேன்' என்று எழுதி வாங்கும் தாளைச் 'சரியான அணுகுமுறை'யில் சேர்க்கச் சொல்கிறார்கள். அது வங்கியைக் காக்கும், அந்த அம்மையாரைக் காக்காது. சேர்க்க மாட்டேன்.

25 ஜனவரி, நான்காம் சனி

விடுமுறையானதால் கிளை எங்கள் வசம். பின்னறையிலிருந்து ஒருவரை உண்மையிலேயே கைப்பேசி அழைப்பில் பேசவைத்தோம், நடிகையின் கண் தானாகவே பையின் பக்கம் போயிற்று. சீட்டை நகர்த்திய பிறகு அதிகாரி ஒன்பது விநாடி பேசாமல் இருக்க வேண்டும். அவர் உண்மையிலேயே எங்கள் கிளையொன்றில் பணிபுரிபவர், மூன்றாவது விநாடியிலேயே "கவலைப்படாதீங்கம்மா" என்று விடுகிறார். கவுன்டரில் வரிசை நிற்கும்போது மௌனம் காக்க எங்களில் யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை. ஆறாவது முறை ஒன்பது விநாடியும் இருந்தார். தலையசைப்புக்குச் சற்று முன்பே படம் உறைந்து நிற்கும். அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியர் வகுப்பைக் கேட்பது அந்த இடத்தில்தான்.

27 ஜனவரி, திங்கள்

அவர் தலையசைக்காத முடிவையும் எடுத்தோம். பணம் போய்விடுகிறது, மறுநாள் மகனோடு வருகிறார். ஆர்.டி.ஜி.எஸ். தீர்வானபின் திரும்பப் பெற முடியாது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் அதைப் பிடித்து நிறுத்துவதே மிச்சமுள்ள வழி. எனவே இந்தக் காட்சியில் அதிகாரியின் முதல் வசனம் "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்பதாக இருக்கக் கூடாது. "உட்காருங்க, இப்பவே 1930க்குப் போன் போடுவோம்" என்பதாக இருக்க வேண்டும். அந்தச் சைபர் குற்ற உதவி எண்ணை அழுத்துவதும் அதிகாரியின் கையாகவே இருக்கட்டும். கடிதமும் முத்திரையும் பிறகு.

நான் முதலில் வெள்ளைத்தாள் கொடுத்தேன். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அழகான ஆசிரியைக் கையெழுத்தில், இரண்டு பிரதிகள் எழுதி முடிக்க அவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் காத்திருந்தேன்.

29 ஜனவரி, புதன்

படத்தொகுப்பாளர் ஒன்பது விநாடியை ஐந்தாகக் குறைத்திருக்கிறார், பார்ப்பவர்கள் படம் நின்றுவிட்டது என்று நினைப்பார்களாம். நாளை காலை முதல் வேலையாக அங்கே போகிறேன்.