ஒரு போன் காலில் கிடைத்த கதை

நான் பயண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேமராவோடு ஊர் ஊராகப் போவான். அவன் கொண்டுவருவதை மதுரையில் உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டுவேன். ராமேஸ்வரம் போய் மூன்று நாள் எடுத்ததில் ஆறு மணி நேரக் காட்சி இருந்தது. அதைப் பத்தொன்பது நிமிடமாக்கி வெளியிட்டோம். பாம்பன் பாலம், அக்னி தீர்த்தக் கடற்கரை, கலாம் வீடு, தனுஷ்கோடி, அரிச்சல்முனை. ஒவ்வொரு இடமும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்வையாளர்கள் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்று காட்டும் கோடு, ஒவ்வொரு புது இடம் தொடங்கும்போதும் படிக்கட்டு போல இறங்கியது.

மறுநாள் இடங்களின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி மேசையில் பரப்பினேன். கலாம் வீட்டைப் பாலத்துக்கு முன்னால் வைத்தேன், கடற்கரையைக் கடைசிக்குத் தள்ளினேன். எப்படி மாற்றினாலும் வீடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது. இரண்டு காட்சிகளை இடம் மாற்றியும் எதுவும் உடையவில்லை என்றால், முதல் காட்சி அடுத்ததற்கு எதையும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் பார்ப்பவர் அடுத்த இடத்துக்கு ஏன் வரவேண்டும்?

ஆறு மணி நேரத்தையும் திரும்பப் பார்த்தேன். ஐந்தாவது மணி நேரத்தில், தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிந்த சுவர் ஓரம், தம்பி கேமராவை நிறுத்த மறந்துவிட்டு அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, தாத்தா இங்கேதான் கப்பல் ஏறினாரா?" தாத்தா ஐம்பதுகளில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரைக்கும், அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்கும் ஆட்கள் போன காலம் அது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது வீட்டு விஷயம்தானே அக்கா" என்றான்.

அந்தக் கேள்வியையே முதுகெலும்பாக வைத்து மறுபடி வெட்டினேன். கடல் காட்சியின் மேல் அந்தப் போன் குரல். இருபத்தைந்து நொடி, அவ்வளவுதான் தொடக்கம். அடுத்து பாம்பன் வந்தது. இப்போது அது தாத்தா கடந்துபோன பாலம். 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் இன்று ரயில் ஓடுவதில்லை. தம்பி போனது பக்கத்தில் கட்டிய புதிய பாலத்தில். தாத்தாவின் வழியைத் தேடிப்போனவன் கையிலிருந்து அந்த வழி கொஞ்சம் நழுவுகிறது. ராமேஸ்வரத்தில் தண்டவாளமே முடிந்துபோகிறது. தாத்தாவின் ரயில் போன மிச்சத் தூரத்தை இவன் வேனில் போகவேண்டியிருக்கிறது. இனி சீட்டுகளை இடம் மாற்ற முடியாது.

பெரிய மாற்றம் 1964-ஐ எங்கே வைப்பது என்பதில் வந்தது. முதல் வடிவத்தில் டிசம்பர் 22 இரவு அடித்த புயலையும், பயணிகளோடு அலையில் போன ரயிலையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டோம். அதனால் இடிந்த சுவர்கள் வந்தபோது, ஏற்கெனவே சொன்ன செய்திக்குப் படம் மாதிரி நின்றன. புது வடிவத்தில் அதுவரை புயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்டவாளம் ஏன் முடிந்தது என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் ஏழு நிமிடம் கிடக்கிறது. அந்தச் சுவரின் முன்னால்தான் பதில் வருகிறது. தம்பி அங்கே சங்கு விற்கும் பாட்டியிடம் கப்பல் நின்ற இடத்தைக் கேட்கிறான். பாட்டி பேசவில்லை, தண்ணீரைக் கைகாட்டினார். முதல் வடிவத்தில் நான்கு நொடியில் வெட்டிய அந்தக் கையை இந்த முறை முழுதாக விட்டேன்.

கலாம் வீட்டையும் அக்னி தீர்த்தத்தில் எடுத்த சூரிய உதயத்தையும் நீக்கினேன். உதயம் அவன் எடுத்ததிலேயே நல்ல ஷாட், இருவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் தாத்தாவைப் பற்றிய அந்தக் கேள்வியோடு அதற்கு ஒட்டு இல்லை. பதினொரு நிமிடத்தில் முடிந்தது. தண்டவாளம் முடியும் இடத்தை மட்டும் முதல் பயணத்தில் எடுக்கவில்லை. தம்பி இன்னொரு இரவு ரயில் ஏறிப் போய் எடுத்து வந்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு, அழுகிற மாதிரி ஒரு முடிவு எடுக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். நடக்காததை நடந்ததாகக் காட்டினால் அந்த முதல் போன் குரலையும் யாரும் நம்பமாட்டார்கள். அரிச்சல்முனையில் சாலை முடியும் இடத்தில், தலைமன்னார் திசையைப் பார்த்து அவன் பேசாமல் நின்ற நாற்பது நொடி கையில் இருந்தது. அதிலேயே முடித்தோம்.

இப்போதெல்லாம் அவன் கிளம்பும் முன்பே, எதைத் தேடிப் போகிறான், எது தடுக்கலாம் என்று பேசிக்கொள்கிறோம். போன மாதம் மேகமலைக்குப் போனபோது அப்படி ஒரு கேள்வியும் கிடைக்கவில்லை. சரி, கதையை வலிந்து ஒட்டவேண்டாம் என்று, தேயிலைச் சரிவில் மேகம் இறங்குவதை மட்டும் பேச்சில்லாமல் மூன்று நிமிடம் வெளியிட்டோம்.