பக்கம் மாறும்போது காணாமல் போன கொழுந்து

மலையில் தேயிலைக் கொழுந்து நிறுப்பது இப்போது மின்தராசில்தான். தராசு கையடக்க மெஷினுக்கு எடையை அனுப்பும், மெஷின் அதைக் கொழும்பில் இருக்கும் சேர்வருக்கு ஏற்றும். சம்பளக் கணக்குக்கு நாங்கள் அந்தச் சேர்வரிடமிருந்து அன்றைய நிறுவைகளை ஒரு ஏபிஐ வழியாக எடுக்க வேண்டும். ஒரு நிறுவை என்பது ஒரு வரி. தோட்டத்தின் மூன்று டிவிஷனிலும் சேர்த்து ஏறக்குறைய நானூறு பேர், ஆளுக்குக் காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. ஆக ஒரு நாளைக்கு 1200 வரி போல வரும். சேர்வர் ஒரு தடவைக்கு 100 வரிதான் தரும். `page=1`, `page=2` என்று பன்னிரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டும். புதிய நிறுவை மேலே, பழையது கீழே. கேட்க எளிமையான ஏற்பாடுதான்.

சிக்கலைக் கண்டுபிடித்தவர் கம்பியூட்டர் தெரிந்தவர் இல்லை, கணக்கப்பிள்ளை ஐயா. “தம்பி, அந்தப் பிள்ளை பகலுக்கு ஏழரைக் கிலோ நிறுத்தது. நான் கண்ணால பார்த்து கையால எழுதினது. ஒங்க கணக்குல அரைப்பேர்னு விழுந்திருக்கே?” என்று நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். நோட்டில் காலை 8, பகல் 7.5, அந்தி 6, மொத்தம் 21.5 கிலோ. எங்களிடம் காலையும் அந்தியும் மட்டுமே இருந்தன, 14 கிலோ. முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, அன்றைய அளவு 18 கிலோ. பகல் வரி இல்லாவிட்டால் அரைப்பேர்தான், முழுப்பேர் கிடையாது.

சேர்வரில் தேடினால் அந்த ஏழரைக் கிலோ பத்திரமாக இருந்தது. எங்கள் பக்கம் மட்டும் இல்லை. வரி எண்ணிக்கை வேறு அச்சொட்டாகப் பொருந்தியது. சேர்வர் சொன்ன டோட்டலும் நாங்கள் எடுத்த வரிகளும் ஒன்றே. கொழும்பில் அந்தச் சேர்வரைப் பார்க்கும் பையன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். “டோட்டல் சரியாத்தானே அண்ணே இருக்கு?”

சரி, லாக்கைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஸ்கிரிப்ட் ஓடியது அந்தி நிறுவை நேரத்தில். நம் பக்கத்து இன்டர்நெட் லைன் மெதுவானது, ஒரு பக்கம் வந்து அடுத்ததைக் கேட்க இரண்டு மூன்று விநாடி ஆகிவிடும். அந்த இடைவெளியில் சேர்வர் சும்மா இருப்பதில்லை. முதல் பக்கம் வந்து இரண்டாவது கேட்பதற்குள் புதிய நிறுவை ஒன்று ஏறியிருந்தது. அது வரிசையின் தலையில் உட்கார்ந்ததும் மற்ற எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கியது. நூறாவது இடத்தில் இருந்த வரி நூற்றொன்றுக்குப் போனது. இரண்டாம் பக்கம் என்பது 101 முதல் 200 வரை, அதனால் ஏற்கெனவே வாங்கிய அதே வரி மறுபடியும் வந்தது.

ஐந்தாம் பக்கத்துக்கும் ஆறாம் பக்கத்துக்கும் நடுவே நடந்தது இதற்கு நேர் எதிர். யாரோ ஒரு கணக்கப்பிள்ளை தவறாக அழுத்திய நிறுவை ஒன்றை அழித்திருக்கிறார். அந்த வரி நாங்கள் வாங்கி முடித்த பகுதியில் இருந்தது. அது போனதும் கீழே இருந்தவையெல்லாம் ஒரு படி மேலே ஏறின. 501ஆவது இடத்தில் இருந்தது 500க்கு வந்தது. நாங்கள் கேட்டதோ 501 முதல். ஐந்தாம் பக்கம் வாங்கியபோது அந்த வரி அதில் இல்லை, ஆறாம் பக்கம் வாங்கியபோதும் இல்லை. அதுதான் அந்த ஏழரைக் கிலோ.

ஒன்று ஏறியது, ஒன்று அழிந்தது, டோட்டல் மாறவில்லை. நாங்கள் எடுத்ததிலும் ஒரு வரி இரட்டித்து ஒரு வரி விழுந்ததால் எண்ணிக்கை மாறவில்லை. இரட்டித்த வரியால் யாருக்கோ கொழுந்து கூடியிருக்கும். அதைச் சொல்ல எவரும் ஆபிஸ் பக்கம் வரவில்லை, வரவும் மாட்டார்கள். இரட்டிப்பை `id` பார்த்து ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். விடுபட்டதற்குத்தான் அடையாளமே இல்லை. அதனால் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் வந்த வரிகளை அப்படியே எண்ணி டோட்டலோடு ஒப்பிடக் கூடாது, வெவ்வேறு `id` எத்தனை என்று எண்ணி அதை ஒப்பிட வேண்டும். அதுகூட, எடுத்துக்கொண்டிருக்கும்போது எதுவும் மாறாத நேரத்தில் மட்டுமே உறுதியான சாட்சி.

பையன் முதலில் சொன்ன வழி, வரிசையைத் திருப்பிப் பழையதை முதலில் தருவது. புதியவை கடைசியில் போய்ச் சேரும், மேலே இருப்பது நகராது. பாதி உண்மை. அழிக்கும்போது மேலே ஏறும் கதை அப்படியே இருக்கும். வேரிலேயே இருக்கும் கோளாறு, பக்க எண் என்பது இடத்தைக் குறிக்கிறது, ஆளைக் குறிப்பதில்லை. வரிசையில் 501ஆவதாக நிற்பவர் யார் என்பது கேட்கும் நேரத்தைப் பொறுத்தது. “நான் கடைசியாக வாங்கிய இந்த வரிக்குப் பிறகு வரும் நூறைக் கொடு” என்று கேட்டால் மேலே எது ஏறினாலும் அழிந்தாலும் நமக்குக் கவலையில்லை.

அப்புறம் எழுந்த கேள்வி, எந்தப் பத்தியை வைத்துப் ‘பிறகு’ என்று சொல்வது. நிறுவை நடந்த நேரம், `weighed_at`, என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அந்த மெஷின் நேரத்தை நிமிடம் வரைதான் எழுதும். பகல் 12:05க்கு கொழுந்து நிறுக்கும் மூன்று மடுவத்திலும் நிறுவை நடந்தால் ஒரே 12:05இல் பதினைந்து இருபது வரி இருக்கும். நூறாவது வரி அதில் எட்டாவதாக அமைந்துவிட்டால், ‘12:05க்குப் பிறகு’ என்று கேட்கும்போது மீதி வரிகள் விழுந்துவிடும். ‘12:05 முதல்’ என்று கேட்டால் எட்டும் மறுபடி வரும். அதனால் நேரத்தோடு `id`யையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், வரிசைப்படுத்துவதும் அந்த இரண்டையும் வைத்தே நடக்க வேண்டும். ஒரே நேரம் உள்ள வரிகளை எந்த வரிசையில் தருவது என்று நாம் சொல்லாவிட்டால் தரவுத்தளம் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் தரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

ஆனால் மலைநாட்டில் `weighed_at` வேறொரு காரணத்துக்காகவும் உதவாது. எங்கள் கீழ் டிவிஷனில் சிக்னல் கிடையாது. பகல் 12:05க்கு நிறுத்தது மெஷினிலேயே கிடந்து, சாயங்காலம் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சேர்வருக்கு ஏறும். அதற்குள் நாம் 12:05ஐத் தாண்டி ஐந்து மணிக்கு வந்திருப்போம். பின்னால் வந்து சேரும் அந்த வரிகளை நாம் ஒருபோதும் திரும்பிப் பார்க்க மாட்டோம். ஆகவே சேர்வருக்கு வந்து சேர்ந்த நேரம், `received_at`, தான் வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கீழ் டிவிஷன் மெஷின் முந்நூறு வரியை ஒரே மூட்டையாக ஏற்றுகிறது. அந்தச் சேர்வரில் ஓடுவது போஸ்ட்கிரெஸ், அதில் `now()` தருவது அந்த மூட்டை தொடங்கிய நேரம். 5:10க்குத் தொடங்கி 5:14க்கு முடிந்தால், 5:10 என்று எழுதப்பட்ட முந்நூறு வரியும் 5:14 வரை வெளியே தெரியாது. நடுவில் 5:12க்கு வேறொரு சின்ன மூட்டை ஏறி முடிந்து, நாம் அதை வாங்கிவிட்டால், கடைசியாக வாங்கிய வரியைக் காட்டும் நம் குறி 5:12க்குப் போய்விடும். 5:10 வரிகள் நமக்குப் பின்னால் முளைக்கும். `id`யை மட்டும் நம்பினாலும் இதே கதைதான், எண் முதலில் கொடுக்கப்படும், வரி பிறகுதான் தெரியும்.

இதற்கு நாங்கள் செய்தது விளிம்பு வரைக்கும் போகாமல் நிற்பது. பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கும் ஏற்றத்தைச் சேர்வரே வெட்டிவிடும். அதனால் அரை மணி நேரத்துக்கு முன்பு வரை வந்தவற்றை மட்டும் கேட்கிறோம். பையன் சேர்வரில் எழுதிக் கொடுத்தது இது:

```sql
SELECT id, worker_no, kg, weighed_at, received_at
FROM weighings
WHERE (received_at, id) > (:last_received_at, :last_id)
  AND received_at < :cutoff
ORDER BY received_at, id
LIMIT 100;
```

`cutoff` ஓட்டம் தொடங்கும்போது ஒரு தடவை கணக்கிடப்படும், முடியும் வரை மாறாது. வரிசையும் எல்லையும் ஒரே `received_at`இல் நிற்பதைக் கவனிக்க வேண்டும். `id`யால் வரிசைப்படுத்தி நேரத்தால் எல்லை போட்டால், எல்லைக்கு அப்பால் இருக்கும் சின்ன `id` ஒன்றைத் தாண்டிப் பெரிய `id`க்குக் குறி போய்விடலாம். இன்னொன்று, தரவுத்தளம் நேரத்தை மைக்ரோவிநாடி வரை வைத்திருக்கிறது. ஏபிஐ அதை விநாடியோடு வெட்டித் திருப்பிக் கொடுத்தால், நாம் அனுப்பும் நேரம் அசல் நேரத்தைவிடக் கொஞ்சம் முந்தியதாகிவிடும், வாங்கிய வரியே மறுபடி வரும். முழுசாக அனுப்பச் சொல்லி அதையும் சரிசெய்தோம்.

எங்கள் பக்கத்து வேலை குறைவு. நூறு வரியைச் சேமிப்பதும் குறியை முன்னே நகர்த்துவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்கும். லைன் நடுவில் அறுந்தால் இரண்டும் நடக்காது, அடுத்த தடவை அதே இடத்திலிருந்து தொடங்கும். எங்கள் அட்டவணையில் `id` மேல் யூனிக் கட்டுப்பாடு இருப்பதால், அதே வரி இன்னொரு தடவை வந்தாலும் இரண்டாக எழுதப்படாது. முடிவைத் தீர்மானிப்பது ஒரு வரியும் இல்லாத காலிப் பக்கம் மட்டுமே. நூறு கேட்டு எழுபது வந்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் சில சேர்வர்கள் நூறு வரியை எடுத்த பிறகு சிலவற்றை வடிகட்டித் தரும்.

அழிப்பு மட்டும் மிச்சமிருந்தது. குறி முன்னே போகும், பின்னால் அழிந்த வரி நம்மிடம் உயிரோடே இருக்கும். இதற்கு வழி சொன்னவரும் கணக்கப்பிள்ளை ஐயாதான். “நோட்டுல நாங்க அழிக்கிறதில்ல தம்பி. கழிச்சு இன்னொரு வரி எழுதுவோம்.” இப்போது சேர்வரிலும் அப்படித்தான். நிறுவையை ரத்துசெய்தால் `kg` மைனஸில், அசல் `id`யைச் சுட்டும் இன்னொரு `reverses_id`யோடு, புதிய வரி ஒன்று ஏறும். அதற்குப் புதிய `received_at` இருப்பதால் நம் ஸ்கிரிப்ட் தானாக எடுத்துக்கொள்ளும். அந்தி நேரத்தில் ஓட்டவும் இல்லை. எல்லா மெஷினும் ரோட்டுக்கு வந்து ஏற்றி முடித்த பிறகு இரவு ஒன்பதுக்கு ஓடுகிறது. மறுநாள் காலையில் டிவிஷன் வாரியாக வரி எண்ணிக்கையும் கிலோவும் அச்சாகி ஐயாவின் மேசைக்குப் போகின்றன. கூட்டிப் பார்த்து, நோட்டோடு ஒத்தால் பென்சிலால் ஒரு டிக் போட்டு அனுப்புவார்.