கழித்துப் போட்ட தொகை

அந்த இரண்டு வரிகளைக் காலியாக விட்டது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் டீம் லீட் அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஸ்கேன் செய்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் படித்து ஷீட்டில் ஏற்றுவது எங்கள் வேலை. அதில் எழுத்தைப் படிப்பது பாதிதான். 1,750.00 என்று சாஃப்ட்வேர் சரியாகவே படித்துவிடும். அது டெபிட்டா கிரெடிட்டா என்பதை எண் சொல்லாது, அது நிற்கும் இடம்தான் சொல்லும். ஏ4 தாள் ஒரு டிகிரி சாய்ந்து ஸ்கேன் ஆனாலே மேலிருந்து கீழே வருவதற்குள் டெபிட், கிரெடிட் பத்திகள் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் முதலில் பக்கத்தை நிமிர்த்துவோம். அப்புறம் எண்ணின் வலது ஓரம் எந்தப் பத்தியோடு ஒட்டுகிறது என்று பார்ப்போம். தொகைகளை வலது ஓரம் ஒட்டித்தான் அச்சிடுகிறார்கள். இடது ஓரத்தை நம்பினால் பெரிய தொகைகள் பக்கத்துப் பத்திக்குள் நுழைந்ததுபோலத் தோன்றும்.

இடத்தை வைத்துப் பிரித்த பிறகு பேலன்ஸை வைத்துச் சரிபார்ப்போம். ஷீட்டில் டெபிட் C பத்தி, கிரெடிட் D, பேலன்ஸ் E என்றால், மூன்றாம் வரிக்கு ஃபார்முலா இது:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

ஒவ்வொரு வரியிலும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால், வரும் எண்ணே பிழை எங்கே என்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். தொகை பத்தி மாறி விழுந்திருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. தொகையில் 3 என்பதை 8 என்று படித்திருந்தால் அந்த ஒரு வரி மட்டும் உதைக்கும். பேலன்ஸைத் தப்பாகப் படித்திருந்தால் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே எண் கூட்டலாகவும் கழித்தலாகவும் வரும். இது பழகிவிட்டால் தாளைத் திரும்பப் பார்க்காமலே பிழையின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

பிரச்சினைப் பக்கத்தில் நடுவே ஒரு மடிப்பு, மடிப்பின் மேல் முத்திரை. மடிப்புக்கு மேலே பேலன்ஸ் 38,400.00. அடுத்த வரியில் 1,750.00 தெரிகிறது, பேலன்ஸ் அழிந்திருக்கிறது. அதற்கடுத்த வரியில் தொகை அழிந்திருக்கிறது, பேலன்ஸ் 34,150.00. மொத்தத்தில் 4,250 குறைந்திருக்கிறது. 1,750 டெபிட் என்றால் அடுத்தது 2,500 டெபிட். 1,750 கிரெடிட் என்றால் அடுத்தது 6,000 டெபிட். மடிப்பில் தாள் இழுபட்டிருந்ததால் 1,750-இன் வலது ஓரம் இரண்டு பத்திகளுக்கும் நடுவில் நின்றது. விவரத்தில் வெறும் டிரான்ஸ்ஃபர் என்றுதான் இருந்தது, அது போனதாகவும் இருக்கலாம், வந்ததாகவும் இருக்கலாம். டெபிட், கிரெடிட் மொத்தங்கள் அச்சிட்ட கடைசிப் பக்கம் கிடைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது ஸ்கேனில் வரவேயில்லை.

இரண்டு வரிகளுக்கும் "படிக்க முடியவில்லை" என்று குறிப்பு போட்டுக் கொடுத்தேன்.

"ஏன் காலியா விட்டிருக்கீங்க? பேலன்ஸ்ல கழிச்சா வந்துடுமே?" என்றார் டீம் லீட்.

"ரெண்டு விதமா வருதுங்க. எதைப் போட்டாலும் ஃபார்முலா பூஜ்யம்தான் காட்டும்."

அவர் முந்தின பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் ஒரு தொகை மங்கலாக இருந்தது. மேலும் கீழும் பேலன்ஸ் தெளிவாக இருந்ததால் கழித்துப் போட்டிருந்தேன், குறிப்பு ஏதும் இல்லாமல். "இதை மட்டும் எப்படிப் போட்டீங்க?"

அது வேறு, அங்கே ஒரே விடைதான் சாத்தியம் என்றேன். கணக்குப்படி அது உண்மை. ஆனால் அங்கேயும் நான் தாளைப் படிக்கவில்லையே. அந்த வரியில் ஃபார்முலா பூஜ்யம் காட்டியதற்குக் காரணம், அந்தத் தொகையையே ஃபார்முலாவிலிருந்து எடுத்ததுதான். அந்த இரண்டு பேலன்ஸில் ஒன்றில் 1-ஐ 7 என்று படித்திருந்தால், அந்தப் பிழையைத் தொகை விழுங்கியிருக்கும். வழக்கமாக இரண்டு வரிகளில் எட்டிப்பார்க்கும் பிழை, ஒரே வரியில், அதுவும் பக்கத்து வரியில் போய் நிற்கும். பக்கத்து வரியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நிம்மதியாக இருந்தேன். அது நியாயமான நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் இரண்டையும் டெபிட்டாகவே அவர் நிரப்பினார். சுற்றியிருந்த வரிகளில் பெரும்பாலானவை டெபிட், அதனால் அதுவே பொருத்தம் என்றார். அவர் பக்கமும் தப்பென்று சொல்ல முடியவில்லை. கட்டம் காலியாக இருந்தால் வாடிக்கையாளரின் சாஃப்ட்வேர் முழு ஃபைலையும் தள்ளிவிடும். தொகை தாளில் படித்ததா, கழித்து வந்ததா என்று காட்டத் தனியாக ஒரு பத்தி சேர்க்கலாமே என்று கேட்டேன். தேதி, விவரம், டெபிட், கிரெடிட், பேலன்ஸ், ஐந்து பத்திதான் ஏறும் என்றார்.

அதற்குப் பிறகு என் சொந்தப் பிரதியில் ஆறாவது பத்தி வைத்துக்கொள்கிறேன். அனுப்புவதற்கு முன் அதை அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன், அதனால் யாருக்கு அது உதவுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.