விசேஷத்துக்கு மறுநாள் அலுவலகத்தில்

எங்கள் டீமில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பாதியில் அவளுடைய அண்ணன் அப்பாவிடம் எல்லோர் முன்னாலும் குரல் உயர்த்திப் பேசிவிட்டுக் கிளம்பிப் போனார். மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் அவள் இடத்துக்கே போய் "என்னாச்சு?" என்று கேட்பதைப் போல மோசமானது வேறில்லை. சுற்றி நாலு பேர் இருக்கும்போது யாராலும் உண்மையான பதில் சொல்ல முடியாது. "ஒன்னுமில்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அதையே காப்பாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன்: "இன்னைக்கு எப்படி இருக்க? பதில் போடலைன்னாலும் பரவாயில்ல. மதியம் கொஞ்சம் நடக்கப் போறேன், தோணுச்சுன்னா வா."

வந்தாள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எளிது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சண்டையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. முதலில் கேட்டது, "நம்ம டீம்ல எல்லாரும் பார்த்தீங்களா?"

நம்மை மற்றவர்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதை நாம் கூட்டியே கணக்கிடுகிறோம் என்று உளவியலில் சொல்வார்கள். 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோடு ஓர் அறைக்குள் போனவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். ஆனால் அந்த ஆறுதல் இங்கே செல்லாது. இது டி-ஷர்ட் இல்லை, சத்தம். "யாரும் கவனிக்கல" என்று சொன்னால் நான் சொல்லும் மற்றதையும் அவள் நம்பமாட்டாள். அதனால், "பார்த்தோம். அண்ணன் கோபமா பேசினதும் கிளம்பினதும் தெரிஞ்சுது. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது" என்றேன். பார்த்தது அவ்வளவுதான் என்று தெரிந்ததும் நடையில் இருந்த வேகம் கொஞ்சம் குறைந்தது.

அப்புறம் அண்ணனைத் திட்ட ஆரம்பித்தாள். நான் கூடச் சேர்ந்துகொள்ளவில்லை. அவர்கள் என்றைக்காவது சமாதானமாகிவிடுவார்கள். நான் சொன்ன வார்த்தை மட்டும் அவள் மனதில் நின்றுவிடும். அப்பா பக்க நியாயத்தையும் எடுக்கவில்லை. "நேத்து உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றதோடு சரி.

அன்று மாலை அவள் பேசவேண்டிய கிளையன்ட் அழைப்பை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள். உண்மையில் உதவியது இதுதான் என்று நினைக்கிறேன். டீமில் ஒருவர் என்னிடம் வந்து "வீட்ல என்ன பிரச்சனையாம்?" என்று மெல்ல விசாரித்தார். அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, கேட்கமாட்டார் என்று எனக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு தரம் விசாரித்தேன். முதல் நாள் முழுக்கச் சொந்தக்காரர்களின் போன்களுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும், அலுப்பு அதற்கப்புறம்தான் தெரியும். அண்ணன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாராம், அப்பா இன்னும் பேசவில்லையாம். "நீ தூங்கினியா?" என்று கேட்டேன். நேற்றுதான் கொஞ்சம் தூங்கினாளாம்.