நாய் பூனையைத் துரத்துதா, பூனை நாயைத் துரத்துதா: மகளுக்கு ஐஇபி போட்ட அனுபவம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு காதிலும் எழுபது டெசிபலுக்கு மேல் கேள்விக்குறைவு, இரண்டிலும் மெஷின் போட்டிருக்கிறாள். ஜூனில் பள்ளி திறந்ததும் அவளுக்கான தனிக் கல்வித் திட்டம், எல்லாரும் சொல்கிற ஐஇபி, எழுத உட்கார்ந்தோம். நான், வகுப்பு டீச்சர், வாரத்தில் ஒருநாள் வரும் ஸ்பெஷல் எஜுகேட்டர் டீச்சர், மூன்று பேர்தான்.

முதல் வரைவில் "கேட்கும் திறனும் மொழித்திறனும் மேம்படும்" என்று இருந்தது. மேம்பட்டதா இல்லையா என்று இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறாள் என்று முதலில் பார்ப்போம் டீச்சர் என்றேன்.

பார்த்தால், வார்த்தைகள் அவளுக்குத் தெரிகின்றன, கடைசியில் வரும் உருபுகள்தான் காதில் விழுவதில்லை. நம் பேச்சில் "நாய் பூனைய துரத்துது", "நாய பூனை துரத்துது" இரண்டுக்கும் வித்தியாசம் வார்த்தையின் வாலில் தேய்ந்து வரும் ஒரு சின்ன ஓசை மட்டும்தான். அதைத் தவறவிட்டால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே மாறிவிடும், கணக்கில் "ராமு சோமுவுக்குக் கொடுத்தான்" என்று வந்தாலும் இதே கதிதான். அதனால் படம் வைத்துச் சோதித்தோம். இரண்டு படம் காட்டினால் குத்துமதிப்பாகத் தொட்டாலே பத்தில் ஐந்து சரியாகிவிடும் என்பதால் நான்கு படம் வைத்தோம். பத்தில் மூன்று வந்தது, அதாவது கிட்டத்தட்ட ஊகம்தான். அதையே தொடக்க அளவாக எழுதி, "ஒரு மீட்டர் தூரத்தில், வாய் தெரியாமல், தமிழில் சொல்லும் பத்து வாக்கியங்களில் எட்டுக்குச் சரியான படத்தைத் தொடுவாள், மூன்று வெவ்வேறு நாட்களில்" என்று இலக்கு வைத்தோம். "தமிழில்" என்பதை நான் விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்னேன். ஸ்பெஷல் டீச்சர் அருமையானவர், ஆனால் மலையாளத்தில் பேசுவார். வீட்டில் கேட்காத மொழியில் சோதித்தால் அவள் தடுமாறுவது காதாலா மொழியாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் வாக்கியம் சொல்வது வகுப்பு டீச்சர், குறிப்பது ஸ்பெஷல் டீச்சர் என்று ஆனது.

வகுப்பில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளையும் அதே மாதிரி குறிப்பாக எழுதினோம். இரண்டாம் வரிசை, ரோட்டுப் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி. பேசுகிறவரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், லாரிச் சத்தமோ குறையாது, அதனால் இடம் பெரிய விஷயம். போர்டைப் பார்த்துக்கொண்டு டீச்சர் பேசக்கூடாது, பின் பெஞ்சுப் பிள்ளை சொல்லும் பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டிக்டேஷனில் "படம்" என்று தனியாகச் சொன்னால் உதட்டில் அதுவும் "மடம்" போலவேதான் தெரியும், எனவே "சுவரில் படம் மாட்டினேன்" என்று வாக்கியமாகச் சொல்லிவிட்டு வார்த்தையைச் சொல்வார்.

அப்புறம் மெஷின் வழியாக எல்லா ஒலியும் கேட்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் ஆறு ஒலிச் சோதனை. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ், இந்த ஆறையும் டீச்சர் அவளுக்குப் பின்னால் நின்று, வரிசை மாற்றி, சீரில்லாத இடைவெளி விட்டுச் சொல்வார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னால் ஒலியே மங்கிவிடும், அதனால்தான் பின்னால் நிற்பது. ஒரு நிமிஷ வேலை, நோட்டில் ஒரு டிக்.

இந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. ஓணப் பரீட்சை சமயத்தில் படச் சோதனை ஐந்திலேயே நின்றுவிட்டது. பயிற்சி போதவில்லை, இலக்கைக் குறைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நோட்டைப் புரட்டினால் கொஞ்ச நாளாகவே "ஸ்" கட்டத்தில் டிக் இல்லை, அப்புறம் "ஷ்"ஷும் போயிருந்தது. காது வளர்ந்து, காதுக்குள் அளவெடுத்துப் பொருத்தும் மோல்டு லூஸாகி மெஷின் விசிலடிக்க, அந்தச் சத்தத்துக்காக யாரோ வால்யூமைக் குறைத்திருக்கிறார்கள். மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். புது மோல்டு எடுத்து வால்யூமைப் பழையபடி வைத்ததும் ஆறும் திரும்பி வந்தன. இலக்கை மாற்றவில்லை. வளரும் பிள்ளைக்கு மோல்டு அடிக்கடி மாறும் என்பதால் "விசில் கேட்டால் வால்யூமைத் தொடாமல் வீட்டுக்குச் சொல்லவும்" என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால் எட்டு வந்தது, மூன்று நாளும். அதே வாக்கியங்களை வகுப்பு நடக்கும்போது மூன்று மீட்டர் தள்ளி நின்று சொன்னால் ஐந்துதான் வருகிறது. அடுத்த இலக்கு அதுதான். டீச்சர் சட்டையில் மாட்டி, பேச்சை நேராக மெஷினுக்கே அனுப்பும் மைக் கிடைத்தால் அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை என்கிறார் ஸ்பெஷல் டீச்சர், அதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.