எத்தனை நாள் வராதிருந்தால் விலகியவர்?

சந்தா வாங்கும் நிறுவனத்தில் வாடிக்கையாளர் விலகிய நாள் பதிவிலேயே இருக்கும். நான் பணியாற்றிய இணையக் கடையோ காபித்தூள் விற்றது. அங்கே யாரும் சொல்லிவிட்டு விலகுவதில்லை. அடுத்த ஆர்டர் வராமல் போகும், அவ்வளவே. ஆகவே கடைசி ஆர்டருக்குப் பின் 90 நாள் கடந்தவரை விலகியவர் என்று குறித்துவந்தோம். காலாண்டு அறிக்கைக்குப் பொருந்தியது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு காரணம் இல்லை. அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் பலர் தாமாகவே திரும்பி வந்தனர். அவர்களை மீட்பதற்கென்று அனுப்பிய தள்ளுபடிக் கூப்பன்கள், எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களின் கைக்கே போயின. இது என்னை உறுத்தியது.

எண்ணைத் தரவிலிருந்தே எடுக்கலாம் என்று, அடுத்தடுத்த ஆர்டர்களுக்கு இடைப்பட்ட நாள்களைக் கணக்கிட்டேன்.

```sql
order_date - LAG(order_date) OVER
  (PARTITION BY customer_id ORDER BY order_date)
```

ஒரே நாளில் பிரித்துப் போடப்பட்ட ஆர்டர்களை ஒன்றாக்கிய பிறகு, இடைநிலை மதிப்பு 30 நாள் என்று வந்தது. அது அடிக்கடி வாங்குவோரின் குரல் மட்டுமே என்பது சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. மாதந்தோறும் வாங்கி 12 ஆர்டர் கொடுத்தவர் 11 இடைவெளிகளைத் தருகிறார். 150 நாள் கழித்து இரண்டாம் முறை வாங்கியவர் ஒன்றே ஒன்றைத் தருகிறார். இதை, ஒவ்வொருவருக்கும் தனியே இடைநிலை கண்டு, பிறகு ஆட்களை ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். அதைவிட ஆழமான பிழை வேறொன்று: திரும்பி வந்தவர்களின் இடைவெளி மட்டுமே அட்டவணையில் ஏறுகிறது, இன்னும் வராதவர்களின் முடியாத இடைவெளிக்கு அதில் வரிசையே இல்லை. எனவே நீண்ட இடைவெளிகள் எப்போதும் குறைவாகவே தெரியும்.

அதனால் கேள்வியை மாற்றினேன். இத்தனை நாள் வாங்காமல் இருந்தவர்களில், அடுத்த 180 நாளுக்குள் திரும்பியவர் எத்தனை பேர்? இதற்கு, அந்த 180 நாளும் முழுதாகக் கழிந்துவிட்ட பழைய வாடிக்கையாளர்களை மட்டுமே எடுக்க வேண்டும். அண்மை மாதங்களைச் சேர்த்தால், திரும்ப வாய்ப்பே கிடைக்காதவரும் விலகியவராக எண்ணப்படுவார். எங்கள் தரவில் 60 நாள் வராதிருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேரும், 90 நாளில் 25 பேரும், 120 நாளில் 11 பேரும், 150 நாளில் 9 பேரும் திரும்பினர். 120-க்குப் பின் காத்திருப்பதால் தெளிவு பெரிதாகக் கூடவில்லை, மீட்பதற்கான காலமோ வீணாகிறது. ஆகவே அதையே எல்லையாக வைத்தோம். ஒரே முறை வாங்கியவர்களுக்கு இடைவெளி என்பதே இல்லாததால், அவர்களைத் தனியாகக் கணக்கிட்டோம்.

காலாண்டுதோறும், இப்படி விலகியவர் என்று குறித்தவர்களில் திரும்புவோரின் விகிதத்தைப் பார்த்துவந்தேன். 1 கிலோ பொட்டலம் விற்பனைக்கு வந்த பிறகு அது ஏறத் தொடங்கியது. தூள் தீரவே அதை வாங்கியவர்களுக்குக் கூடுதல் நாள் ஆனது. பெரிய பொட்டலம் வாங்குவோருக்கான எல்லையை 160 நாளாக்கினோம்.