ஆசிரியப் பெருந்தகை தேவை

வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் சோதனைச்சாவடி தெரியும். அந்தப் பக்கம் கோவை மாவட்டம், இந்தப் பக்கம் பாலக்காடு. பையன் கேரளப் பாடத்திட்டத்தில், தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு. ஓணப் பரீட்சையில் கணக்கு காலை வாரிவிட்டதும், வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆள் தேடலாம் என்று முடிவானது. விளம்பரம் எழுதும் பொறுப்பை மாமனார் எடுத்துக்கொண்டார்.

"அன்பும் பொறுமையும் நிறைந்த, அனைத்துப் பாடங்களிலும் வல்ல ஆசிரியப் பெருந்தகை தேவை. நேரம், ஊதியம் நேரில் பேசிக்கொள்ளலாம். நூற்றுக்கு நூறு கட்டாயம்."

கீழே என் போன் நம்பர். ஜெராக்ஸ் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டிவிட்டு வந்தார்.

முதலில் கூப்பிட்டவர் மிருதங்க வாத்தியார். "அனைத்துப் பாடங்களும்னு போட்டிருக்கீங்களே" என்றார், அவர் பக்கமும் நியாயம்தான். இன்னொருவர், பெருந்தகை என்றால் குறைந்தது எத்தனை வயது இருக்க வேண்டும் என்று கேட்டார். கோவைப் பக்கமிருந்து பேசிய தம்பி நன்றாகவே கணக்கு தெரிந்தவர். ஆனால் அவர் கையிலிருப்பது தமிழ்நாட்டுப் புத்தகம், நூறு மதிப்பெண் எழுத்துத் தேர்வு. இங்கே எஸ்.எஸ்.எல்.சி. கணக்குக்கு எழுத்துத் தேர்வு 80, மீதி 20 பள்ளியிலேயே போடும் தொடர் மதிப்பீடு. அந்த இருபதை வீட்டுக்கு வரும் ஆசிரியர் எப்படி வாங்கித் தருவார்? "நூற்றுக்கு நூறு கட்டாயம்" என்ற வரியைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். உறுதி கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, தான் பள்ளி ஆசிரியர் என்றும் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னார். பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் பேப்பரும் பேனாவுமாக நான் உட்கார்ந்தேன். சம்பளத்தில்தான் மாமா பிடிவாதம். "தொகையை முதல்லயே சொல்லிட்டா பேரம் பேச முடியாதும்மா." பேரம் பேச வருகிறவர்களோடுதான் இத்தனை நாள் போனில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் சற்று இறங்கி வந்தார். மாதச் சம்பளம் என்று போட்டால் லீவு வந்த மாதமெல்லாம் யார் யாருக்குப் பாக்கி என்ற வழக்குதான். அதனால் மணிக்கு 250, வகுப்பு ஒன்றரை மணி நேரம், ஆக ஒரு வகுப்புக்கு 375 ரூபாய். பன்னிரண்டு வகுப்பு நடந்த மாதம் 4,500. கிறிஸ்துமஸ் விடுமுறையில் எட்டே வகுப்பு நடந்தால் 3,000. யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒட்டியது இது:

"பத்தாம் வகுப்பு, கேரளப் பாடத்திட்டம், தமிழ் வழி. கணக்கு மட்டும். வடிவியலில் கூடுதல் கவனம் வேண்டும். திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30 முதல் 7 வரை, மார்ச் பரீட்சை முடியும்வரை. இடம் வேலந்தாவளம், பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம். வகுப்புக்கு ரூ.375, மாதக் கடைசி நாளில் தரப்படும். முதல் வகுப்பு பார்த்து முடிவு செய்ய, அதற்கும் பணம் உண்டு. வராவிட்டால் காலையிலேயே சொல்லவும். நாங்கள் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் அந்த வகுப்புக்குப் பணம் தருவோம். வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுக்க வேண்டாம், செய்ய வைத்தால் போதும். பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்கவும். வகுப்பு நேரத்தில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பார்."

பையன் பெயரையும் வீட்டு எண்ணையும் போடவில்லை. டீக்கடைச் சுவரில் அதெல்லாம் எதற்கு? எல்லாம் முடிந்த பிறகு, மாமா தன் பங்குக்கு அடியில் "காபி உண்டு" என்று பேனாவால் எழுதிவிட்டார்.

இந்த முறை வந்த அழைப்புகள் கொஞ்சம்தான். ஆனால் ஒருவர்கூட "என்ன சப்ஜெக்ட்?" என்று கேட்கவில்லை. எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு பி.எட். முடித்த பெண் ஒருத்தி கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தாள். விளம்பரத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். வரிவரியாகப் படித்து, கேட்டது இரண்டே சந்தேகம்.

"வீட்டில் பெரியவர் இருப்பார்னு போட்டிருக்கீங்க, அவர் அதே ரூம்லயா இருப்பார்?"

நாற்காலியை பையன் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டிருந்த மாமா, சத்தமில்லாமல் திண்ணைக்கு நகர்ந்தார்.

"அப்புறம், நான் காபி குடிக்க மாட்டேன். சாயா கிடைக்குமா?"